செல்ஃப் அப்ரைசல்: தன்மதிப்பீடு

ஆண்டிறுதியில் அலுவலகங்களில் அடிபடும் சொல் 'அப்ரைசல்'. இதன் வேர் லத்தீனில் விலையைக் குறிக்கும் 'பிரெட்டியம்'. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நிலத்துக்கும் நகைக்கும் விலை நிர்ணயிப்பதற்கு இன்றும் இதே சொல்தான். ஆளின் வேலையை எடைபோடுவதற்கு இது வந்தது பிற்பாடு.

தமிழில் மதிப்பீடு. 'மதிப்பிடு' என்ற வினையின் கடைசிப் பகுதியான 'இடு' நீண்டு 'ஈடு' ஆனதால் பிறந்த பெயர். நம் வேலையை நாமே மதிப்பிட்டால் தன்மதிப்பீடு. சுயமதிப்பீடு என்றும் எழுதுகிறார்கள், தவறில்லை. ஆனால் 'ஈடு' விழுந்துவிட்டால் மிஞ்சுவது தன்மதிப்பு, அதாவது ஒருவர் தன்மேல் வைத்திருக்கும் மரியாதை. இரண்டும் வேறு. மேலாளர் குறைத்துப் போட்ட ஓர் எண்ணைப் பார்த்ததும் பேச்சு முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குச் சறுக்கிவிடுகிறது, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தனக்குத் தானே கூடுதலாகப் போட்டுக்கொள்வது அபூர்வம் அல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்து 1988-இல் வெளிவந்த ஓர் அலசலில், சக ஊழியர்களின் மதிப்பீடும் மேலாளரின் மதிப்பீடும் ஓரளவு நன்றாகவே ஒத்துப்போயின (முழுவதும் ஒத்துப்போனால் 1 என்ற அளவில் சுமார் 0.62). ஊழியர் தனக்குப் போட்டதும் மேலாளர் போட்டதும் அவ்வளவு ஒத்துப்போகவில்லை (சுமார் 0.35). ஆகவே கூட்டிப் போட்டவரை உடனே தற்பெருமைக்காரர் என்று முடிவுகட்டுவது அவசரம். தான் பட்ட பாடு முழுவதும் அவருக்குத் தெரியும், மேலாளருக்குத் தெரிவது வெளியே வந்த விளைவு.

எடுத்துக்காட்டாக ஒன்றைப் பார்ப்போம். மாத அறிக்கை தயாரிப்பவர் ஒருவர், 'காலம் தவறாமை' என்ற தலைப்பில் தனக்கு 5-க்கு 4 போட்டிருக்கிறார். மேலாளர் போட்டது 3. படிவத்தில் 3 என்றால் 'எதிர்பார்த்தபடி செய்தார்', 4 என்றால் 'எதிர்பார்த்ததற்கு மேல்'. ஊழியருக்கோ 3 என்பது பள்ளிக்கூடக் கணக்கில் 60 மார்க் மாதிரி தெரிகிறது. எனவே இருவரும் முதலில் எண்களை விட்டுவிட்டு, அவற்றுக்கு எதிரே எழுதியிருப்பதைச் சேர்ந்து வாசிப்பது நல்லது. சில சமயம் இடைவெளி அங்கேயே மூடிவிடும்.

மூடவில்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது மேலாளர் தன் வாதத்தை எடுத்து வைக்காமல், "4 போடும்போது எந்த வேலைகளை மனசுல வச்சிருந்தீங்க?" என்று கேட்க வேண்டும். ஏன் போட்டீர்கள் என்று கேட்டால் அது விசாரணை ஆகிவிடும். "12 அறிக்கையும் தேதி தவறாம அனுப்பினேன் சார்" என்கிறார் ஊழியர். உண்மைதான். மேலாளரின் குறிப்பில் வேறொரு உண்மை இருக்கிறது: அவற்றில் 4 அறிக்கைகள் கணக்கில் பிழையோடு திரும்பி வந்தன, திருத்தி முடிக்க மேலும் 2 நாள் ஆனது. ஊழியருக்கு 'அனுப்பியது' முடிந்த வேலை, மேலாளருக்குப் 'பயன்படுத்தத் தகுந்தது' முடிந்த வேலை. சண்டை எண்ணைப் பற்றியே இல்லை என்பது இப்போது இருவருக்கும் தெரிகிறது. அப்புறம் எழுதி வைக்க வேண்டியது ஒன்றுதான்: அடுத்த ஆறு மாதம் திரும்பி வராத அறிக்கையே உரிய தேதிக்கு முடிந்ததாகக் கொள்ளப்படும்.

இது நடக்க, இரு மதிப்பீடுகளும் சந்திப்புக்கு ஒரு நாள் முன்பாவது இருவர் கைக்கும் வந்திருக்க வேண்டும். எண்ணை முதல்முறையாக அந்த அறையில் பார்ப்பவரால் நிதானமாகப் பேச முடியாது. சம்பள உயர்வை அதே நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் ஒவ்வொரு புள்ளியும் பணமாகத்தான் தெரியும், எனவே அதை வேறொரு நாளுக்குத் தள்ளுவது நல்லது. இன்னொன்று, சமாதானமாக 3.5 போடுவது. என்னைக் கேட்டால் இதுதான் மோசமான முடிவு. எந்தச் சான்றும் அந்த எண்ணுக்குப் பின்னால் இல்லை, அடுத்த ஆண்டு பேரம் 5-இலிருந்து தொடங்கும். ஆனால் ஊழியர் காட்டும் சான்று மேலாளருக்குத் தெரியாததாக இருந்தால் எண்ணை மாற்றத்தான் வேண்டும்.

சில நிறுவனங்களில் இத்தனை பேருக்குத்தான் 4 என்ற ஒதுக்கீடு உண்டு. அதனால்தான் 3 வந்தது என்றால் மேலாளர் அதை அப்படியே சொல்லிவிட வேண்டும். இல்லாத குறையைத் தேடிப்பிடித்துச் சொன்னால், ஊழியர் அந்தக் குறையைத் திருத்துவதில் ஓர் ஆண்டை வீணாக்குவார்.

எல்லாம் பேசியும் ஒத்துவரவில்லையா? சரி, பல படிவங்களில் ஊழியர் கருத்துக்கென ஓர் இடம் இருக்கும். அங்கே மனக்குறையைக் கொட்டாமல், மேலாளர் கணக்கில் எடுக்காத வேலையை நாளோடு இரண்டு வரியில் எழுதலாம். கையெழுத்துக்கு மேலே இருப்பது 'ஏற்கிறேன்' என்பதா, 'பார்த்தேன்' என்பது மட்டுமா என்று வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.