கூடை ஒன்றரைக் கிலோ, பில் 27 கிலோவுக்கு

இந்த வாரமும் அதே தகராறு. பிரம்புக் கூடை விற்றவர் விளம்பரத்தில் "எடை 1.5 கிலோ" என்று மட்டும் போட்டிருக்கிறார். வாங்கியவர் அதை நம்பி, கூரியருக்கு 2 கிலோ கணக்கில் மனதுக்குள் தொகை போட்டு வைத்திருக்கிறார். பில் 27 கிலோவுக்கு வருகிறது. உடனே "கூரியர்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று கூச்சல்.

யாரும் ஏமாற்றவில்லை ஐயா. பஞ்சுத் தலையணை, கூடை, விளக்குக் கூண்டு போன்றவற்றுக்குத் தராசு எடையும் கொள்ளளவு எடையும் பார்த்து, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கொள்ளளவு எடை. சில நிறுவனங்கள் 4000-ஆல் வகுக்கும், அப்போது கணக்கு இன்னும் ஏறும். புக் செய்யும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கூடையையே பார்ப்போம். வாய் விட்டம் 40 செ.மீ., உயரம் 55. விற்பவர்கள் செய்யும் முதல் தவறு, பொருளின் அளவையே பார்சல் அளவாகப் போடுவது. 40×40×55 என்றால் 17.6 கிலோதான். பபிள் ஷீட் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் வைத்து, டேப் ஒட்டியபின் அதுவே 46×46×62 ஆகிறது. கணக்கு 26.24; முழுக் கிலோவாக ஏற்றினால் 27. தராசில் வைத்தால் வெறும் 2.6. கூடை உருண்டைதானே, மூலை காலிதானே என்று வாதாடாதீர்கள். அந்த மூலையில் வேறு பார்சல் வைக்க முடியாது.

இன்னொரு தவறு கண்ணுக்கே தெரியாது. அளவு டேப்பில் அங்குலம் பார்த்து, சென்டிமீட்டர் கட்டத்தில் 18×18×24 என்று அடித்துவிடுகிறார்கள். கணக்கு 1.6 கிலோ என்று காட்டும். கூடையின் எடையோடு அது ஒத்துப்போவதால் யாருக்கும் சந்தேகம் வராது. கிடங்கில் ஸ்கேனர் அளந்தபிறகுதான் வித்தியாசத் தொகை வரும்.

ஆகவே, ஒட்டி முடித்தபின் அளவெடுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு பெரும்பாலும் உள்ளளவு, அதை நம்பாதீர்கள். பக்கம் உப்பியிருந்தால் உப்பிய இடத்தில் அளவு டேப்பை வையுங்கள். மூன்று பக்கத்துக்கும் டேப் தெரியும்படி ஒரு போட்டோ, தராசோடு ஒரு போட்டோ எடுத்து வைத்தால், அளவுத் தகராறு வந்தால் காட்டலாம். பெட்டியை இரண்டு சென்டிமீட்டர் பெரிதாக்கினால் என்ன என்கிறீர்களா? 48×48×64 ஆனால் 29.5 கிலோ!

விளம்பரத்தில் இப்படிப் போடுங்கள்: "கூடை 1.5 கிலோ. கட்டிய பார்சல் 46×46×62 செ.மீ., தராசு எடை 2.6 கிலோ, கட்டண எடை 27 கிலோ (5000 கணக்கில்)." மேல்வாய் அகன்ற கூடை என்றால், ஒன்றுக்குள் ஒன்று செருகி மூன்றை அனுப்பும்போது பெட்டி எவ்வளவு ஆகிறது என்பதையும் அளந்து எழுதுங்கள். உயரம் கொஞ்சம்தான் கூடும், ஒரு கூடைக்கு விழும் வாடகை வெகுவாகக் குறையும்.

லாரி பார்சலில் 'டு பே' போட்டு, அதாவது வாடகையை வாங்குபவர் கட்டும்படி, அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாடகையை அவருக்கு முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள். லாரி அலுவலகத்துக்குப் போய்த் தொகையைக் கேட்டு அவர் பார்சலை எடுக்க மறுத்தால், திரும்பி வரும் வாடகையும் உங்கள் தலையில்தான்.