9-0-9 டிரான்ஸ்பார்மரும் மூன்று மில்லிசெகண்ட் ஓய்வும்

கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு ஒரு சின்ன இன்வெர்ட்டர் கட்டிக் கொடுத்திருந்தேன். 12 வோல்ட் பேட்டரி, அலையை உண்டாக்க ஒரு CD4047 சிப், இரண்டு IRFZ44N மாஸ்பெட், 12-0-12 டிரான்ஸ்பார்மர், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் கூப்பிட்டார். "ஏந்தம்பி, ஃபேன் சுத்துது, ஆனா உள்ள வண்டு பூந்த மாதிரி இரையுதே?"

அது சதுர அலையின் இரைச்சல். நம் வீட்டுக்கு வரும் கரண்ட் மேலேறி வளைந்து இறங்கும் சைன் அலை. சதுர அலையோ 10 மில்லிசெகண்ட் முழுக்க ஒரு பக்கம் தள்ளிவிட்டு, சட்டென்று மறுபக்கம் தாவும். அந்தத் தாவலில் 50 ஹெர்ட்ஸோடு 150 ஹெர்ட்ஸும் ஒட்டிக்கொண்டு வருகிறது, அதுவும் மூன்றில் ஒரு பங்கு வலுவோடு. ஃபேன் மோட்டாரை அது சுற்றுவதில்லை, உதறிச் சூடாக்குகிறது.

இதற்கு மருந்து, இரண்டு தள்ளலுக்கும் நடுவே கொஞ்ச நேரம் சும்மா இருப்பது. 6.67 மில்லிசெகண்ட் தள்ளி, 3.33 மில்லிசெகண்ட் ஓய்ந்தால், கணக்குப்படி அந்த 150 ஹெர்ட்ஸ் முழுதாக அழிந்துவிடும். மாடிஃபைடு சைன் என்று விற்பதெல்லாம் இந்த இடைவெளிதான். பாதி நேரம் தள்ளு, பாதி நேரம் ஓய்வு என்று வைப்பவர்களும் உண்டு. அதில் 150 ஹெர்ட்ஸின் பங்கு சதுர அலையில் இருந்த அதே அளவு இருக்கும். அலை மாறியும் இரைச்சல் போகவில்லை என்று புலம்புவது அவர்கள்தான்.

CD4047 தானாக இந்த ஓய்வைத் தராது. ஆர்டுயினோ நானோவுக்கு மாறினேன்.

```
digitalWrite(9, HIGH);  delayMicroseconds(6667);
digitalWrite(9, LOW);   delayMicroseconds(3333);
digitalWrite(10, HIGH); delayMicroseconds(6667);
digitalWrite(10, LOW);  delayMicroseconds(3333);
```

போட்டதும் பல்பு மங்கிவிட்டது. தள்ளும் நேரம் குறைந்தால் வோல்டேஜும் குறையத்தானே செய்யும்? 230 வோல்டின் வேலை நடக்க, தள்ளும்போது உச்சம் 282 வோல்ட் வேண்டும். அதற்கு 9-0-9 டிரான்ஸ்பார்மர். 12 வோல்டை அதன் 9 வோல்ட் சுற்றில் கொடுத்தால் 307 வருகிறது. லோடு ஏறி, கம்பியிலும் மாஸ்பெட்டிலும் கொஞ்சம் போக, 280 பக்கம் வந்து நிற்கும்.

9 வோல்ட் சுற்றில் 12 வோல்ட் கொடுத்தால் எரியாதா என்று கேட்கலாம். இரும்புக் கோர் வோல்டை மட்டும் பார்ப்பதில்லை, வோல்டையும் நேரத்தையும் பெருக்கிப் பார்க்கிறது. 9 வோல்ட் சைன், பாதி அலையில் தருவது சராசரி 8.1 வோல்ட், 10 மில்லிசெகண்ட், ஆகப் பெருக்கினால் 81. நம் அலை 12 பெருக்கல் 6.67, அதாவது 80. பொருந்திவிட்டது! இதே சுற்றுக்கு ஓய்வில்லாத சதுர அலை கொடுத்தால் 120. கோர் நிரம்பி, கரண்ட் கட்டுமீறி, ஃபியூஸ் போகும். முதலில் போவது மாஸ்பெட்டாகவும் இருக்கலாம்.

அடுத்த தலைவலி சூடு. 150 வாட் லோடுக்கு பேட்டரியிலிருந்து சராசரி 15 ஆம்பியர் போகிறது. ஓய்வு நேரத்தில் எதுவும் போகாததால், தள்ளும் நேரத்தில் 22 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சூடு கரண்டின் இருமடிக்கு ஏறுவது. நேரக் குறைவைக் கழித்த பிறகும் மாஸ்பெட்டில் சூடு ஒன்றரை மடங்கு. ஒவ்வொன்றும் 2 வாட்டிலிருந்து 3 வாட். சூடேறினால் உள் மின்தடையும் கூடும் என்பதால் நாலரை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என் ஹீட் சிங்க் தொட முடியாமல் கொதித்தது. நாலரை வாட் அப்படிக் கொதிக்காது. தப்பு என்னுடையது: நானோவின் 5 வோல்டை நேராக மாஸ்பெட்டின் கேட்டுக்குக் கொடுத்திருந்தேன். IRFZ44N-க்குப் போட்டிருக்கும் 17.5 மில்லிஓம் என்பது கேட்டில் 10 வோல்ட் இருக்கும்போது. ஐந்தில் அது பாதி தூக்கிய மதகு. கண்டுபிடிக்க வழி எளிது. மாஸ்பெட்டைத் தனியே எடுத்து, பைக் ஹெட்லைட் மாதிரி ஒரு 12 வோல்ட் பல்பை அதன் வழியாக எரியவிட்டு, டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே அளக்க வேண்டும். 5 ஆம்பியருக்கு 90 மில்லிவோல்ட் பக்கம் காட்டணும். ரொம்பக் கூடினால் கேட்டைப் பாருங்கள். நானோவுக்கும் கேட்டுக்கும் நடுவே ஒரு TC4427 டிரைவர் சிப் போட்டு 12 வோல்டில் ஓட்டியதும் கொதிப்பு அடங்கியது.

இரண்டு மாஸ்பெட்டையும் ஒரே அலுமினியத்தில் வெறுமனே முறுக்கிவிடாதீர்கள். பின்பக்க உலோகம் டிரெயின். இரண்டும் ஒட்டினால் பேட்டரி ஷார்ட். மைக்கா தகடு வைக்கலாம். நான் தனித்தனி ஹீட் சிங்க் போடுகிறேன், மைக்கா தடுக்கும் சூடும் மிச்சம். எங்கள் பாலக்காட்டுப் பக்கம் ஏப்ரலில் நிழலே 40 டிகிரியைத் தொடும். அலமாரிக்குள் வைத்தால் தொடக்கமே 45. கடைக்காரர் தரும் விரலளவு ஹீட் சிங்க் இங்கே போதாது. அரை மணி ஓட்டி, அணைத்துவிட்டுத் தொடுங்கள். ஐந்து விநாடி விரல் நின்றால் சரி.

வெளியே வரும் வோல்டேஜை அளக்க சாதாரண மல்டிமீட்டரை நம்பவேண்டாம். அது சைன் அலைக்கென்றே செய்தது. உண்மையில் 230 இருக்கும்போது 209 என்று காட்டும். அதை நம்பி ஓய்வைக் குறைத்தால் லோடுக்கும் கோருக்கும் கேடு. 60 வாட் குண்டு பல்பு இரண்டு வாங்கி, ஒன்றை வீட்டுக் கரண்டிலும் ஒன்றை இன்வெர்ட்டரிலும் மாட்டி, வெளிச்சம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது மேல்.

ஒரு குறை மட்டும் பாக்கி. மோட்டார் ஓடும்போது அதில் சேர்ந்த மின்னோட்டம் ஓய்வு நேரத்திலும் நிற்காமல், எதிர் மாஸ்பெட்டின் உள் டயோடு வழியாக பேட்டரிக்குத் திரும்புகிறது. அதனால் அந்த 3.33 மில்லிசெகண்டும் முழு ஓய்வு ஆவதில்லை. நாலு மாஸ்பெட் பாலம் கட்டி, ஓய்வில் கீழ் இரண்டையும் ஆன் செய்து வைத்தால்தான் அது தீரும். அக்கா கடையில் இப்போது ஃபேன் லேசாக முனகுகிறது. மெஷின் ஓடும்போது அதுவும் கேட்காது என்கிறார்.