உருகிய பிளக்கும் ஒட்டாத காந்தமும்

அக்கா மகன் கல்யாணமான கையோடு கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்தான். சமையலறை என்று சொன்னால் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத ஓர் இடம். காஸ் இணைப்பு மாற்றி வரும்வரை சமாளிக்கலாம் என்று 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று வாங்கினான். பத்து நாள் கழித்து போன் வந்தது.

"மாமா, பிளக் உருகிப் போச்சு. டூப்ளிகேட் அடுப்பைத் தலையில கட்டிட்டாங்க போல."

போய்ப் பார்த்தேன். அடுப்பில் ஒரு குறையும் இல்லை. சமையலறையில் இருந்தது மிக்சிக்கும் செல்போன் சார்ஜருக்கும் போட்ட சின்ன 5 ஆம்பியர் பாயின்ட். அடுப்போடு வந்ததோ தடித்த பின் கொண்ட பெரிய பிளக். நடுவே கடையில் வாங்கிய கன்வெர்ஷன் பிளக் ஒன்றைச் செருகியிருந்தான். உருகியது அதுதான்.

2,000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் வருகிறது. 5 ஆம்பியருக்குச் செய்த பாயின்ட்டில் இது ஓடினாலும், முதல் நாளே எதுவும் எரிந்துவிடாது. தொந்தரவு பின்னும் சாக்கெட்டும் தொடும் இடத்தில்தான் ஆரம்பிக்கும். அங்கே பிடி கொஞ்சம் தளர்ந்து, 0.1 ஓம் மின்தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெப்பம் என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கியது. ஆக சுமார் 7.5 வாட். ஒரு குட்டி எல்.இ.டி. பல்பின் சக்தி முழுவதும் சுண்டுவிரல் நுனியளவு இடத்தில் சூடாக மாறுகிறது. சூடு ஏற ஏற உள்ளிருக்கும் பித்தளைப் பட்டை இளகிப் பிடி இன்னும் தளரும், மின்தடை கூடும், சூடும் கூடும். இப்படிச் சுற்றிச் சுற்றித்தான் பத்து நாளில் உருகியது.

இதற்கு முன்னறிகுறிகள் உண்டு. அரை மணி நேரம் சமைத்தபின் அடுப்பை நிறுத்தி, பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு ஆபத்து. சாக்கெட் துளையைச் சுற்றிப் பழுப்பு படிவது, மீன் வாடை போன்ற ஒரு நாற்றம், அடுப்பைப் போட்டதும் விளக்கு மங்குவது, எல்லாம் அதே கதைதான். அவசரத்துக்கு 1,000 வாட்டில் வைத்துச் சமைக்கலாம். மின்னோட்டம் பாதியானால் பிளக்கில் எழும் சூடு கால்வாசியாகிவிடும். ஆனால் நிரந்தரத் தீர்வு, மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியைத் தனியாக இழுத்து, 16 ஆம்பியர் பாயின்ட்டும் அதற்கேற்ற எம்.சி.பி.யும் ஏர்த்தும் போடுவதுதான். வாடகை வீட்டில் இதை ஓனர் சம்மதமில்லாமல் செய்ய முடியாது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சமையலறை பாயின்ட்டைப் பார்த்துவிடுவது நல்லது. அப்புறம் கேட்டால் "உங்க செலவுல போட்டுக்கோங்க" என்ற பதில்தான் வரும்.

அடுத்தது பாத்திரம். இண்டக்‌ஷனின் கண்ணாடிக்கு அடியில் ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் நொடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் திசை மாறும் மின்னோட்டம் ஓடுகிறது. அதனால் எழும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடித்தகட்டில் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்குகிறது. சூடாவது பாத்திரம்தான், கண்ணாடி அந்தப் பாத்திரத்தின் சூட்டை வாங்கித்தான் சுடுகிறது. இந்த வேகத்தில் மாறும் மின்னோட்டம் உலோகத்தின் ஆழத்துக்குள் போகாமல் மேல்தோலிலேயே ஓடும். காந்தம் ஒட்டும் இரும்பில் அந்தத் தோல் முடியைப்போல மெல்லியது, மின்தடையும் அதிகம், ஆகவே நன்றாகச் சூடேறும். அலுமினியத்தில் தோல் பல மடங்கு தடிமன், மின்சாரமும் சுலபமாக ஓடிவிடும், சூடு மிஞ்சாது. அடுப்பு அதை உணர்ந்து பீப் அடித்து நின்றுவிடும். எவர்சில்வர் என்றாலே வேலை செய்யும் என்றும் நம்ப வேண்டாம். பல எவர்சில்வர் பாத்திரங்களில் காந்தம் ஒட்டாது. அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். விடாப்பிடியாக ஒட்ட வேண்டும். என் அக்கா சீராகக் கொடுத்த பாத்திரங்களில் பாதி இந்தப் பரீட்சையில் தேறவில்லை.

அதில் முக்கியமாகத் தோற்றது களிக் குண்டான். எங்கள் பக்கம் ராகிக்களி இல்லாமல் வாரம் ஓடாது. அலுமினியம், போதாததற்கு உருண்டை அடி. சரி என்று தட்டை அடியுள்ள ஸ்டீல் பாத்திரத்தில் மருமகள் களி செய்து பார்த்தாள். அடியில் வளையல் போல ஒரு கருகல் வட்டம் விழுந்தது. சுருள் வளைய வடிவில் இருப்பதால் சூடும் வளையமாகத்தான் விழும். மெல்லிய தகடு அதைப் பரப்பித் தராது. தண்ணீரோ ரசமோ என்றால் தானே சுழன்று சூட்டைப் பரப்பிக்கொள்ளும், ராகி மாவு அசையாமல் உட்கார்ந்துவிடும். மேலும் விலை குறைந்த பல மாடல்களில் 'சிம்' என்பது உண்மையான சிம் இல்லை. சில நொடி முழு வேகம், சில நொடி நிறுத்தம் என்று மாறி மாறி ஓடும். துடுப்பு போட்டுக் கிண்டும் வேலையைக் கண்ணாடிமேல் வைத்துச் செய்யவே கூடாது. கீழே இறக்கித்தான் கிண்ட வேண்டும்.

இனி செலவு. ஒரு கிலோ சமையல் காஸ் எரிந்தால் ஏறக்குறைய 12.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வரும். 14.2 கிலோ சிலிண்டரில் 180 யூனிட். ஆனால் பாத்திரத்துக்குள் போவது நடைமுறையில் 60 சதவீதம் போல. மிச்சம் பக்கவாட்டில் ஏறி உங்களையும் சமையலறையையும் வேகவைக்கும். இண்டக்‌ஷனில் சுமார் 85 சதவீதம் உள்ளே போகும். கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்‌ஷன் சுமார் 125 யூனிட்டில் முடிக்கும். அதனால் சிலிண்டர் விலையை 125ஆல் வகுத்துப் பாருங்கள். 900 ரூபாய் என்றால் 7 ரூபாய் 20 காசு. நீங்கள் யூனிட்டுக்கு அதைவிடக் குறைவாகக் கொடுத்தால் இண்டக்‌ஷன் லாபம், அதிகமாகக் கொடுத்தால் காஸ் லாபம். 5 கிலோ குட்டி சிலிண்டர் வாங்குகிறவர்கள் 45ஆல் வகுக்க வேண்டும்.

இங்கேதான் வாடகை வீடு கணக்கைப் புரட்டிப் போடுகிறது. தனி இ.பி. மீட்டர் இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 200 வரை யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய்க்குள், 400 வரை ஐந்து ரூபாய்க்குள். இரண்டு மாதத்தில் 90 யூனிட் ஓட்டும் சின்னக் குடும்பம் கூடுதலாக 125 யூனிட் ஓட்டினாலும் பில் முந்நூறு ரூபாய் சொச்சம்தான், சிலிண்டர் விலையில் மூன்றில் ஒரு பங்கு. 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டில் மட்டும் சலுகைகள் கழன்று கணக்கு மாறும். ஆனால் அக்கா மகன் வீட்டில் இருந்தது சப் மீட்டர். ஓனர் முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய் வாங்குகிறார். 125 யூனிட்டுக்கு 1,000 ரூபாய். அவனுக்குக் காஸ்தான் மலிவு.

கடைசியில் காஸ் இணைப்பு வந்ததும் குழம்பு, களி, தாளிப்பு எல்லாம் அதற்குப் போனது. ஓனர் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டு புது வயர் இழுத்துக் கொடுத்தார். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் சோறும் சுடுதண்ணீரும் இண்டக்‌ஷனில், ஃபேனை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு. காஸ் அடுப்பு எரியும்போது ஃபேன் போட முடியாதே. அதற்காக மாதம் கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை என்கிறாள் மருமகள். அந்த அறையில் மதியம் பத்து நிமிடம் நின்று பார்த்தவன் என்ற முறையில் நான் அவள் பக்கம்தான்.