"மக்கு" என்றால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது?

பேச்சுப் பயிற்சிக்கு வந்திருந்த ஏழு வயதுப் பையனிடம், "அக்கா உன்னை என்ன சொல்லித் திட்டுவா?" என்று கேட்டேன். "மங்ஙு" என்றான். "மக்கு" என்பதைத்தான் அப்படிச் சொன்னான். அண்ணப் பிளவோடு பிறந்த பிள்ளை. கைக்குழந்தையாக இருக்கும்போதே அறுவை செய்து மூடியிருந்தார்கள். ஆனாலும் பேசும்போது மூக்கு வழியாகக் காற்று கசிந்துகொண்டிருந்தது. "அவ சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க மிஸ், நான் திருப்பிச் சொன்னா யாரும் சிரிக்கிறதில்ல" என்று குறைப்பட்டுக்கொண்டான்.

சொல் அதே சொல்தான், பொருளும் அதேதான். அவன் வாயில் காணாமல் போனது நடுவில் இருக்கும் "க்க்" மட்டும். அது போனதும் சிரிப்பும் போய்விட்டது. செல்லமாகத் திட்டும் சொற்களில் வல்லினம் என்ன வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை.

"மக்கு" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். "ம" முடிந்ததும் நாக்கின் பின்பகுதி எழும்பி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு கணம் சத்தமே இல்லை. நெஞ்சிலிருந்து வரும் காற்று அந்த அடைப்புக்குப் பின்னால் சேர்கிறது. நாக்கு விலகியதும் பட்டென்று வெடிக்கிறது. "தத்தி"யில் இதே அடைப்பு பல்லுக்குப் பின்னால், "சப்பை"யில் உதட்டில், "மட்டி"யில் நாக்கை மடித்து அண்ணத்தின் நடுவில். இந்த அடைப்பும் வெடிப்பும்தான் விஷயம். நகைச்சுவை சொல்கிறவர் கடைசி வார்த்தைக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்துவாரே, அந்த நிறுத்தம் இங்கே சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

தமிழில் இரட்டிப்பும் முக்கியம். தனியாக நடுவில் வரும் வல்லினத்தை நாம் மென்மையாக்கிவிடுவோம். "மகன்", "அகல்" என்று சொல்லும்போது "க" ஏறக்குறைய "ஹ" போலக் கரைகிறது, அடைப்பு முழுமையாக விழுவதே இல்லை. "க்க", "ட்ட", "த்த", "ப்ப" என்று இரட்டிக்கும்போதுதான் காற்று முழுதாக அடைபட்டு, நீண்ட நேரம் நிற்கிறது. மக்கு, மட்டி, தத்தி, மொக்கை, சப்பை, பேக்கு, சொத்தை, சொட்டை என்று வீட்டில் புழங்கும் கேலிச் சொற்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டே அசை, நடுவில் இரட்டித்த வல்லினம். "மக்குப் பிளாஸ்திரி" என்று வாலை நீட்டினால் சிரிப்பு இன்னும் கூடுகிறது. அங்கேயும் வேலை செய்வது ப்ப, ஸ்த் என்று மோதும் ஒலிகள்தான்.

நம் இலக்கணக்காரர்கள் இதைக் காதால் உணர்ந்திருக்கிறார்கள். வல்லெழுத்து மிகுந்து வந்தால் வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம் என்று தொல்காப்பியம் செய்யுளுக்கே பிரித்துச் சொல்கிறது. நன்னூலோ வல்லினம் பிறக்கும் இடம் நெஞ்சு, மெல்லினத்துக்கு மூக்கு என்கிறது. மூக்கு திறந்திருக்கும்வரை வாய்க்குள் காற்று தேங்காது, தேங்காவிட்டால் வெடிப்பும் இல்லை. பையனின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஒலி மட்டுமே காரணம் என்றால் "லூசு" எப்படிச் சிரிப்பு மூட்டுகிறது என்று கேட்கலாம். அதில் வெடிக்கும் ஒலி எதுவும் இல்லை. இங்கே வேறொன்று சேர்கிறது. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் கிறிஸ் வெஸ்ட்பரி குழுவினர், பொருளே இல்லாத ஆங்கிலச் சொற்களை உருவாக்கி எது வேடிக்கையாக இருக்கிறது என்று ஆட்களிடம் கேட்டு, 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த மொழியில் வழக்கமாகச் சேராத எழுத்துகள் சேர்ந்தால் சிரிப்பு கூடியது. அதே குழு பிறகு உண்மையான ஆங்கிலச் சொற்களை ஆராய்ந்தபோது, வேடிக்கைச் சொற்களில் "க்" ஒலியும் நீண்ட "ஊ" ஒலியும் அதிகம் இருந்தன. தமிழில் "ல"வும் "ட"வும் மொழிமுதலில் வராத எழுத்துகள். "லூசு" அந்த வழக்கத்தை மீறுகிறது, கூடவே "ஊ"வும் இருக்கிறது. "டுபாக்கூர்", "டம்மி", "டக்கால்டி" எல்லாம் "ட"வில் தொடங்குவதால் காதுக்கு அந்நியமாக, கோமாளித் தொப்பி போட்டதுபோலக் கேட்கின்றன. வல்லினமும் வினோதமும் ஒன்றாகச் சேர்ந்த "டுபாக்கூர்" இந்த வகையில் ராஜா.

இதற்கு எல்லை உண்டு. பெற்றோரிடம் இதைத்தான் நான் அதிகம் பேசுவேன். "நாயே", "மூதேவி", "சனியனே" மூன்றையும் சொல்லிப் பாருங்கள். "மக்கு"வில் கேட்ட அந்த வெடிப்பு எதிலும் இல்லை, ஆனால் மூன்றும் ஆழமாகக் குத்தும். "பொறுக்கி"யில் வெடிப்பு நன்றாகவே இருக்கிறது, சிரிப்பு வருவதில்லை. பொருள் கனமாக இருந்தால் ஒலியால் அதைத் தூக்க முடியாது. பொருள் லேசாக இருக்கும்போதுதான் ஒலிக்கு விளையாட இடம் கிடைக்கிறது. 2022-இல் லண்டன் ராயல் ஹாலோவே பல்கலைக்கழகத்தின் ஷிரி லெவ்-ஆரியும் ரயன் மெக்கேயும் ஹீப்ரு, இந்தி, ஹங்கேரியன், கொரியன், ரஷ்யன் மொழிகளின் வசைச்சொற்களை ஆராய்ந்தார்கள். ல, ர, வ, ய போன்ற ஒலிகள் வசைகளில் குறைவாகவே இருந்தன. அது நம் இடையினத்தோடு பெரிதும் ஒத்துப்போகிறது. ஆக, வன்மையான ஒலி கடும் வசைக்கும் உதவும், கேலிக்கும் உதவும். எது எந்தப் பக்கம் விழும் என்பதைப் பொருளும் உறவும்தான் முடிவு செய்கின்றன.

இதனால்தான் "திக்குவாய்" என்ற சொல்லை வகுப்பில் யாரும் பயன்படுத்த விடாதீர்கள் என்று ஆசிரியர்களிடம் கெஞ்சுகிறேன். அதன் நடுவில் "க்க்" இருக்கிறது, கேட்கிற முப்பது பேருக்குச் சிரிப்பு வரும். சிரிப்பு வந்ததால் அது சும்மா கேலிதான் என்று பெரியவர்களும் நினைத்துவிடுகிறார்கள். பேச்சு திக்கும் பிள்ளைக்கு அது தன்னைப் பற்றிய உண்மையான செய்தி. "மக்கு" நிஜத்தில் மக்காக இல்லாத பிள்ளைக்குத்தான் லேசான சொல். நடக்கத் தடுமாறும் பிள்ளையைத் "தத்தி" என்றாலும் இதே கதைதான்.

அந்தப் பையனிடம் திரும்புகிறேன். "பாப்பா" என்று முதலில் சும்மாவும், பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டும் சொல்லச் சொன்னேன். காற்று கசியாத பிள்ளைக்கு இரண்டும் ஒரேமாதிரி கேட்கும். இவனுக்கு மூக்கைப் பிடித்தபோதுதான் "ப" வந்தது, விட்டால் "மாம்மா" ஆகிவிட்டது. உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இந்த வித்தியாசம் கேட்டால் அண்ணப் பிளவுக்குச் சிகிச்சை தரும் குழுவிடம் காட்டுங்கள். பலூன் ஊதச் சொல்லி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், ஊதுவதால் பேச்சில் அண்ணம் மூடப் பழகாது. இவனுக்கு இரண்டாவது அறுவை தேவைப்பட்டது. அதன் பிறகு நாக்கை எங்கே வைப்பது என்று "கொக்கு", "சுக்கு", "பாக்கு" என்று தொடங்கிப் பல வாரங்கள் பழகினோம். ஒரு சனிக்கிழமை, காத்திருக்கும் அறையில் அக்காவைப் பார்த்து "மக்கு" என்றான். அவள் சிரித்துவிட்டு, "நீதான்டா மக்கு" என்றாள். அவன் இன்னொரு முறை, "க்க்"கை இன்னும் நீட்டிச் சொன்னான்.