ஃபில்டர் என்றால் வடிகட்டி, சுத்திகரிப்பான் அல்ல

பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, கூழாங்கல், மணல், கரி என அடுக்கி மாணவர்கள் செய்யும் கருவிக்கு 'நீர் சுத்திகரிப்பான்' என்று அட்டை எழுதி வைக்கிறார்கள். கீழே சொட்டும் தண்ணீருக்குத் 'தூய நீர்' என்று இன்னொரு சீட்டு. இரண்டும் தவறு. அது வடிகட்டி. கீழே வருவது தெளிந்த நீர், அவ்வளவுதான்.

ஃபில்டர் என்ற சொல் இடைக்கால லத்தீனின் 'ஃபில்ட்ரும்' என்பதிலிருந்து வந்தது. நீரை ஊற்றி வடிக்கப் பயன்பட்ட தடித்த கம்பளித் துணிக்கு அந்தப் பெயர். நம் வடிகட்டியும் அதையேதான் செய்கிறது: நீரை வடிய விட்டுத் திப்பியை நிறுத்திக்கொள்கிறது.

'வடிகட்டி என்றால் டீ வடிகட்டிதான் நினைவுக்கு வருகிறது, அறிவியல் சொல் போல இல்லை' என்பது மறுப்பு. நினைவுக்கு வரட்டும், மணல் அடுக்கு செய்வதும் அதே வேலைதானே! வேறு சிலர், 'சுத்தி' வடசொல் என்பதுதான் குறை என்று எண்ணி 'தூய்மையாக்கி' என்று மாற்றுகிறார்கள். சொல் தமிழாகிவிட்டது, பொய் அப்படியே இருக்கிறது. ஒரு டம்ளர் நீரில் ஒரு கரண்டி உப்பைக் கரைத்து இந்தப் பாட்டிலில் ஊற்றுங்கள். கீழே வரும் நீரில் சில துளிகளைக் கருநிறத் தட்டில் விட்டு வெயிலில் காய வையுங்கள். வெள்ளைப் பொருக்கு படியும். கரைந்த உப்பு மணலிலும் நிற்காது, கரியிலும் நிற்காது. கிருமிகளோ மணல் இடுக்கைவிடப் பல மடங்கு சிறியவை. கரி கொஞ்சம் நிறத்தையும் வாடையையும் பிடித்துக்கொள்ளும். அடுப்புக்கரி என்றால் அதுவும் குறைவு. 'தூய' என்ற சீட்டை நம்பி ஒரு பிள்ளை அதைக் குடித்துவிட்டால் பழி மொழிபெயர்ப்பின் மேல்தான் விழ வேண்டும்.

அடுத்த குழப்பம் டர்பிடிட்டி. இதற்குக் 'கொந்தளிப்பு' என்று எழுதுவதைப் பார்க்க முடிகிறது. கொந்தளிப்பது கடல். டர்புலன்ஸ் என்ற பக்கத்துச் சொல்லோடு இதைக் குழப்பிக்கொண்டதன் விளைவு இது. தமிழில் கலங்கல் இருக்கிறது, அதன் எதிராகத் தெளிவு இருக்கிறது. கலங்கிய நீரைத் தெளிய வைப்பதற்குத் தேற்றுதல் என்றே ஒரு வினை உண்டு. தேற்றாங்கொட்டை பெயர் பெற்றது அதனால்தான்.

மூன்று வடிகட்டிகளை ஒப்பிடுகையில் மாணவர்கள் அளப்பது இந்தக் கலங்கலைத்தான். முதலாவதில் கூழாங்கல் மட்டும், இரண்டாவதில் அதன்கீழ் மணலும், மூன்றாவதில் மணலுக்கும் கீழே கரியும். மூன்றிலும் பாட்டில் வாயில் துணி கட்டியிருக்க வேண்டும். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி செம்மண் கலக்கி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு ஊற்றுங்கள். தட்டையான அடி கொண்ட உயரக் கண்ணாடிக் குவளையின் கீழே பெருக்கல் குறி போட்ட தாளை வைத்து, மேலிருந்து பார்த்துக்கொண்டே நீரை ஊற்றுங்கள். குறி எத்தனை செ.மீ. உயரத்தில் மறைகிறதோ அதுவே அளவு. உதாரணத்துக்கு, வடிகட்டும் முன் 3 செ.மீ.யில் மறைந்த குறி, மணல் வடிகட்டியில் வந்த நீரில் 14 செ.மீ.யில் மறைந்தால் தெளிவு கூடியிருக்கிறது. குவளை நிறைந்தும் குறி தெரிந்தால், 30 செ.மீ. குவளைக்கு '30க்கு மேல்' என்று எழுத வேண்டும், 'முழுத் தூய்மை' என்று அல்ல. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 கலங்கலை அதன் அளவீட்டு அலகான என்.டி.யு.வில் 1க்குள் கேட்கிறது. 3 என்.டி.யு. நீரும் கண்ணுக்குத் தெளிவாகத்தான் தெரியும்.

சில சமயம் ஊற்றியதைவிடக் கலங்கலாகவே நீர் வரும். மணலைக் கழுவாததுதான் காரணம். அலசிய நீர் தெளியும்வரை மணலைக் கழுவ வேண்டும். நீர் கறுப்பாக வந்தால் கரித்தூள். கரியைக் கழுவி, அதன்கீழ் விரற்கடை அளவு மணல் போட்டால் நிற்கும். வேகமாக ஊற்றினால் மணலில் குழி விழுந்து நீர் ஒரே வழியாக ஓடிவிடும். மேலே ஒரு துணித்துண்டு வைத்து அதன்மேல் ஊற்றுங்கள்.

இன்னொரு குறை, 'மாதிரி' என்ற சொல். மாடலுக்கும் மாதிரி, சாம்பிளுக்கும் மாதிரி. 'மாதிரி 2இன் தெளிவு' என்று அட்டவணையில் எழுதினால் எதைச் சொல்கிறார்கள்? கருவியை 'வடிகட்டி 2' என்றும், எடுத்த நீரை 'வடிநீர் 2' என்றும் எழுதினால் குழப்பமே இல்லை.

நான்காவதாக ஒரு பாட்டிலில் அதே செம்மண் நீரை ஊற்றி, வடிகட்டிகளில் நீர் வடிய ஆகும் அதே நேரம் வடிகட்டாமல் சும்மா நிறுத்தி வையுங்கள். மேலாக இறுத்து, அதையும் குவளையில் அளந்து பாருங்கள். அதில் கூடியிருக்கும் தெளிவு மண் அடியில் படிந்ததால் வந்தது. அந்த அளவுக்கு மேல் கூடியதைத்தான் வடிகட்டியின் கணக்கில் எழுத வேண்டும்.