எஸ்கேப்மென்ட்: தப்பிப்பா, விட்டுப்பிடியா?

கடிகாரச் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக மட்டுமே நகரவிடும் உறுப்பைக் கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் இன்றும் 'எஸ்கேப்மென்ட்' என்பார்கள். இந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் அடியில் இருப்பது லத்தீனின் 'காப்பா', அதாவது மேலங்கி. துரத்துகிறவன் அங்கியைப் பிடித்துக்கொண்டான். ஓடுகிறவன் அதை அவன் கையிலேயே விட்டுவிட்டு நழுவினான். இப்படி அங்கியிலிருந்து வெளியேறுவதே 'தப்பித்தல்' என்ற பொருளைப் பெற்றது என்பார்கள். கதை அழகாகத்தான் இருக்கிறது. அதற்காகத் தமிழில் 'தப்பிப்பு' என்று எழுதிவிட்டால் கருவி செய்யும் வேலையில் பாதிதான் புரியும். கடிகாரத்துக்குள் தப்பிப்பது எது?

இதற்கு விடை காண இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயத்துக்குப் போகலாம். அங்குள்ள இரும்புக் கடிகாரத்துக்கு முகப்பும் இல்லை, முள்ளும் இல்லை. மணி அடிப்பது மட்டுமே அதன் வேலை. ஆங்கிலத்தின் 'கிளாக்' என்ற சொல்லுக்கே மூலப்பொருள் மணிதான். இடைக்கால லத்தீனில் 'கிளோக்கா' என்றால் ஆலய மணி. 'மணி என்ன?' என்று கேட்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உருளை ஒன்றில் கயிறு சுற்றி, அதன் நுனியில் கனமான கல்லைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கல் இறங்க, உருளை சுழலும். பற்சக்கரங்கள் அந்தச் சுழற்சியைக் கடைசிச் சக்கரத்துக்குக் கடத்தும். தடுப்பார் இல்லையென்றால் கிணற்றில் விழும் வாளிபோல் கல் வேகமெடுத்துத் தரையில் மோதிவிடும். எனவே கடைசிச் சக்கரத்தின் முன்னால் ஒரு தண்டு செங்குத்தாக நிற்கிறது. இச்சக்கரத்தின் பற்கள் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் நீண்டு கிரீடம்போல் இருப்பதால் இதைக் கிரீடச் சக்கரம் என்பார்கள். தண்டின் பெயர் 'வெர்ஜ்'; லத்தீனில் கோல் என்று பொருள். தண்டில் மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, ஏறக்குறைய செங்கோணத்தில் திரும்பியிருக்கும். உச்சியில் துலாக்கோல்போல் கிடைமட்டமாக ஒரு சட்டம். அதன் இரு கைகளிலும் சிறு எடைகள். இதுதான் 'ஃபோலியட்'.

சக்கரத்தின் மேல்பல் ஒன்று மேல்தகட்டைத் தள்ளுகிறது. தண்டும் சட்டமும் ஒரு பக்கம் திரும்புகின்றன. சிறிது திரும்பியதும் பல் தகட்டிலிருந்து நழுவுகிறது. தப்பிப்பது இந்தப் பல்தான். ஆனால் அது கணநேர விடுதலை. அதற்குள் கீழ்ப்பக்கத்துப் பல் ஒன்று கீழ்த்தகட்டில் வந்து மாட்டிக்கொள்ளும். காதில் விழும் 'டக்' அந்த மோதலின் ஒலி. சட்டமோ வந்த வேகத்தில் இன்னும் கொஞ்சம் திரும்புவதால் சக்கரத்தையே சற்றுப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிறகு கல்லின் எடை வெல்ல, சட்டம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. கிரீடச் சக்கரத்தின் பற்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருப்பதற்கும் இதுவே காரணம்: மேலே ஒரு பல் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே கீழே இடைவெளி இருந்தால்தான் இரு தகடுகளும் மாறி மாறி வேலை செய்ய முடியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சக்கரத்துக்கு 45 பற்கள், ஒவ்வொரு 'டக்'குக்கும் 2 விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பல்லும் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை பிடிபடுவதால் ஒரு சுற்றுக்கு 90 'டக்', அதாவது 180 விநாடி. மணிக்கு 20 சுற்று. இந்த வேகத்தைப் பற்சக்கரங்கள் உருளைக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கும்.

ஆகவே விடுவது பாதி, பிடிப்பது பாதி. தமிழில் இதற்குச் சொல் தயாராகவே இருக்கிறது. அடங்காத பிள்ளையை 'விட்டுப் பிடி' என்கிறோமே, அதுதான். 'விட்டுப்பிடி' அல்லது 'விட்டுப்பிடிப்பு' என்றே நான் எழுதுவேன். 'விடுவிப்பு' தவறில்லை, ஆனால் அதில் பிடி இல்லை.

கருவியின் குறையும் இந்தப் பிடியில்தான். ஊசலுக்கு இருப்பதுபோல் இந்தச் சட்டத்துக்கென்று சொந்தத் தாளம் கிடையாது. சக்கரம் எவ்வளவு விசையோடு தள்ளுகிறதோ அவ்வளவு வேகமாக ஆடும். குளிரில் எண்ணெய் கெட்டியானால் தள்ளும் விசை குறையும், கடிகாரம் பின்தங்கும். அப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொள்பவர், சட்டத்தின் கைகளிலுள்ள வெட்டுகளில் தொங்கும் எடைகளைத் தண்டின் பக்கம் ஒரு வெட்டு நகர்த்துவார், ஆட்டம் விரைவுபடும். வெளியே நகர்த்தினால் மந்தமாகும். ஒரு நாளில் கால் மணி நேரம் பிசகுவது சாதாரணம். சரியான நேரத்தைச் சொன்னது சூரிய கடிகாரம்தான்.

1656இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய பிறகு பழைய கோபுரக் கடிகாரங்கள் பலவற்றில் சட்டத்தைக் கழற்றி ஊசலைப் பொருத்தினார்கள். சாலிஸ்பரியிலும் அதுவே நடந்தது. அங்கே கடிகாரம் இருந்ததை 1386ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று குறிப்பிடுகிறது. இன்று இருப்பது அதே இயந்திரம்தானா என்று ஐயுறுவோரும் உண்டு. எப்படியும், 1956இல் பழுதுபார்த்தபோது ஊசலை எடுத்துவிட்டு வெர்ஜையும் ஃபோலியட்டையும் புதிதாகச் செய்து வைத்தார்கள். அங்கே இப்போது ஆடும் விட்டுப்பிடி அந்தப் புதியதுதான்.