ரீச் ஏன் விழுந்தது? இன்ஸ்டாகிராமின் Account Status பக்கத்தை வாசிக்கும் முறை

ரீல்ஸுக்கு வழக்கமாக நாற்பதாயிரம் பார்வை வரும் கணக்கில் திடீரென ஏழாயிரத்தைத் தாண்டவில்லை என்றால், பலரும் முதலில் சொல்வது “ஷேடோபேன் ஆயிடுச்சு”, அதாவது இன்ஸ்டாகிராம் சொல்லாமலே பதிவுகளை மறைத்துவிட்டது என்பதுதான். அப்படி முடிவு கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே இருக்கிறது. புரொஃபைல் பக்கத்தில் மேலே உள்ள மூன்று கோடுகளை அழுத்தி, Settings and activity பட்டியலின் அடிப்பகுதிக்குப் போனால் Account Status என்று ஒரு வரி வரும். செயலியின் பதிப்பைப் பொறுத்து உள்ளே இருக்கும் தலைப்புகளின் சொற்கள் சற்று மாறலாம். ஆனால் அங்கே முக்கியமாக மூன்று விஷயங்கள் தனித்தனியாக இருக்கும்: நீக்கப்பட்ட பதிவுகள், பரிந்துரைக்கத் தகுதியில்லாத பதிவுகள், பயன்படுத்த முடியாத வசதிகள். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான மருந்தைத் தேடுகிறார்கள்.

இன்ஸ்டாகிராமில் இரண்டு விதிப்புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று, எதைப் பதிவிடவே கூடாது என்பது. அதை மீறினால் பதிவு நீக்கப்படும், கணக்கின் பெயரில் ஒரு குற்றப்புள்ளியும் ஏறும். இன்னொன்று இதைவிடக் கண்டிப்பானது. பதிவு இருக்கலாம், ஆனால் உங்களைத் தெரியாதவர்களுக்கு இன்ஸ்டாகிராம் அதைத் தானாகக் கொண்டுபோய்க் காட்டாது என்று சொல்லும் பரிந்துரை விதிகள் அவை. மிகைப்படுத்திய மருத்துவ வாக்குறுதி, உடல் எடைக் குறைப்புப் பொருள் விற்பனை, ஏமாற்றும் கடன் திட்டம், புகையிலை விற்பனை, “லைக் போடுங்க, பரிசு வெல்லுங்க” வகைப் பதிவு, அடுத்தவர் வீடியோவை அப்படியே எடுத்துப் போடுவது எல்லாம் இரண்டாவது புத்தகத்தில் வரும். What can't be recommended என்ற தலைப்பு காட்டுவது இந்த இரண்டாவது வகையை. அங்கே ஒரு பதிவு இருந்தால் அது தண்டனை இல்லை. எக்ஸ்ப்ளோர், ரீல்ஸ், ஃபீடில் வரும் பரிந்துரைகள் ஆகிய வாசல்கள் அதற்கு அடைக்கப்பட்டுள்ளன என்பதே பொருள். பின்தொடர்பவர்களின் ஃபீடுக்கு அது வழக்கம்போலப் போகும்.

கணக்கு போட்டுப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். மூலிகைப் பொருள் விற்கும் ஒரு கடையின் கணக்கை எடுத்துக்கொள்வோம்; பின்தொடர்பவர்கள் 12,000 பேர். ஒரு சாதாரண ரீலுக்கு 40,000 பார்வை. பார்வைக் கணக்கைக் காட்டும் இன்சைட்ஸைத் திறந்தால் அதில் 20 சதவீதம், அதாவது 8,000 பார்வை பின்தொடர்பவர்களிடமிருந்தும், 32,000 மற்றவர்களிடமிருந்தும் வந்திருக்கிறது. அடுத்து “பத்தே நாளில் சர்க்கரை நோய் போயே போச்சு” என்று எழுதி ஒரு ரீல் போடுகிறார்கள். மொத்தமே 7,500 பார்வை. அதில் 7,100 பின்தொடர்பவர்கள், 400 மற்றவர்கள். பின்தொடர்பவர்களின் பார்வை கிட்டத்தட்ட அப்படியே இருக்க, மற்றவர் பக்கம் மட்டும் அடியோடு காய்ந்துவிட்டது. பரிந்துரை நின்றதற்கான கைரேகை இதுதான். மிச்சமிருக்கும் 400 பேர், யாரோ டிஎம்மில் பகிர்ந்த இணைப்பு வழியாகவோ நேரடியாகப் புரொஃபைலுக்கு வந்தோ பார்த்தவர்களாக இருப்பார்கள்.

மாறாக, இரண்டு எண்களும் சேர்ந்து பாதியாகியிருந்தால், பரிந்துரைத் தடை அதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. பின்தொடர்பவர்களே முதல் சில விநாடிகளில் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்ற சாத்தியத்தை முதலில் பார்க்க வேண்டும்.

இங்கே கவனமாக வாசிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. சில நேரம் அந்த ஒரு பதிவுக்கு மட்டும் தடை. அடுத்த ரீல் வழக்கம்போல ஓடும். இப்படிப்பட்ட பதிவுகள் சேர்ந்துவிட்டால் கணக்கே பரிந்துரைக்குத் தகுதியற்றதாகிவிடும். அப்போது விதியை மீறாத புதிய ரீலும் பின்தொடர்பவர்களைத் தாண்டாது. Account Status பக்கத்தில் பச்சை டிக் இருந்த இடத்தில் எச்சரிக்கைக் குறி வந்திருக்கும். அதை அழுத்தினால் எந்தப் பதிவுகளால் இந்த நிலை வந்தது என்ற பட்டியல் திறக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வழிகள்: திருத்தலாம், நீக்கலாம், மறுபரிசீலனை கேட்கலாம். வாக்குறுதி தலைப்பு வரியில் மட்டும் இருந்தால் திருத்துவது போதுமானதாக இருக்கலாம். வீடியோவுக்குள் பேசியிருந்தால் தலைப்பை மாற்றிப் பயனில்லை. தவறாகப் பிடித்திருக்கிறார்கள் என்று உறுதியாக நினைத்தால், நீக்குவதற்கு முன்பே மறுபரிசீலனை கேட்டுவிடுங்கள். பதிவே போன பிறகு பரிசீலிக்க எதுவும் மிஞ்சாது.

நீக்கப்பட்ட பதிவுகளின் கதை வேறு. அங்கே பதிவு ஏற்கெனவே போய்விட்டது. பழைய பதிவுகளை அழித்துக் கணக்கைச் சுத்தம் செய்தாலும் ஏறிய புள்ளி இறங்காது. மேல்முறையீட்டில் வென்றால் இறங்கும், இல்லையென்றால் பெரும்பாலும் காலம்தான் இறக்க வேண்டும். எத்தனை புள்ளிக்கு என்ன நடவடிக்கை என்பதை மெட்டா நிறுவனம் ஃபேஸ்புக்கிற்கு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது: ஏழாவது புள்ளியில் ஒரு நாள் பதிவிடத் தடை, எட்டில் மூன்று நாள், ஒன்பதில் ஏழு நாள், பத்தும் அதற்கு மேலும் 30 நாள், பெரும்பாலான புள்ளிகள் ஓராண்டில் காலாவதியாகும். இன்ஸ்டாகிராமுக்கு இப்படி ஓர் அட்டவணை வெளியிடப்படவில்லை. அதனால் கணக்கு முடக்கப்படலாம் என்ற எச்சரிக்கை அங்கே வந்தால் இன்னும் எத்தனை வாய்ப்பு மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. இதை ஒரு குறையாகவே சொல்ல வேண்டும். எல்லை எங்கே என்று தெரிந்தால்தான் மனிதர்கள் அதற்குள் நிற்க முடியும்.

மூன்றாவது, Features you can't use. லைக், ஃபாலோ, கமென்ட், டிஎம், லைவ் போன்ற ஒரு வசதி மட்டும் சில நாட்களுக்கு நிறுத்தப்பட்டிருக்கும். பெரும்பாலும் இதற்கு முன்னால் Try Again Later என்ற பெட்டி திரையில் வந்து போயிருக்கும். இது பதிவின் உள்ளடக்கத்தைவிடச் செயலின் வேகத்தோடு தொடர்புடையது: குறுகிய நேரத்தில் ஏராளமான ஃபாலோ, ஒரே வாசகத்தைப் பலருக்கும் டிஎம் அனுப்புவது போன்றவை இயந்திர நடத்தை போலத் தோன்றும். மணிக்கு இத்தனை லைக் பாதுகாப்பானது என்று இணையத்தில் சுற்றும் எண்கள் இன்ஸ்டாகிராம் வெளியிட்டவை அல்ல. நீங்கள் அப்படி எதுவும் செய்யவில்லை என்றால், ஃபாலோயர் ஏற்றித் தருவதாகச் சொன்ன ஏதோ ஒரு செயலி உங்கள் பெயரில் செய்துகொண்டிருக்கலாம். கடவுச்சொல்லை மாற்றி, Apps and websites பகுதியில் தெரியாத செயலிகளின் அனுமதியை நீக்கி, Where you're logged in பகுதியில் அறிமுகமில்லாத கருவிகளை வெளியேற்றுங்கள். முடியும் தேதி காட்டப்பட்டிருந்தால் அதுவரை அந்த வசதியைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது.

எல்லாம் பச்சையாக இருந்தும் ரீச் குறையலாம். விதியை மீறக்கூடும் என்று கருதப்படும் பதிவு ஃபீடில் கீழே இறக்கப்படுவதையும், பார்ப்பவர் தன் அமைப்பில் சிலரை உறுத்தக்கூடிய உள்ளடக்கத்தைக் குறைத்து வைத்திருப்பதையும் இந்தப் பக்கம் முழுமையாகக் காட்டாது.

இந்தப் பக்கத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. “காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் கணக்கு நீக்கப்படும்” என்று டிஎம்மில் ஓர் இணைப்போடு செய்தி வந்தால், இணைப்பைத் தொடாமல் Account Status-ஐத் திறந்து பாருங்கள். இன்ஸ்டாகிராம் இத்தகைய எச்சரிக்கைகளை டிஎம்மில் அனுப்புவதில்லை. மின்னஞ்சலாக வந்திருந்தால், Accounts Center-இல் Password and security பகுதிக்குள் உள்ள Recent emails பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லாத புதிய மின்னஞ்சல் உங்கள் கடவுச்சொல்லுக்காக வீசப்பட்ட தூண்டில்.